குச்சு கட்டும் வேலையும் வீட்டாரின் சம்மதமும்

பெங்களூரில் சிக்பேட்டையிலோ மல்லேஸ்வரத்திலோ பட்டுப்புடவை எடுப்பவர்கள், அதை அப்படியே பீரோவில் வைப்பதில்லை. ஃபால் தைத்து, முந்தானை ஓரத்தில் நூல் குஞ்சங்களாகக் குச்சு கட்டி, பிளவுஸும் தைத்த பிறகுதான் புடவை முழுசாகிறது. லிங்கராஜபுரம், அல்சூர் பக்கத்து பொட்டிக்குகளில் வரும் புடவைகளை வாங்கி, வீட்டில் இருக்கும் பெண்களிடம் கொடுத்துக் குச்சு கட்டி வாங்கித் தருவது என் தொழில். அதில் கைவேலையைக் கற்றுக்கொடுப்பது பெரிய பாடில்லை. கற்றுக்கொண்ட பெண், வீட்டில் சரி என்று சொல்ல வைக்க முடியாமல் நின்றுவிடுவாள். அங்கேதான் எனக்கு வேலை அதிகம்.

கல்பனா என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயரை மாற்றியிருக்கிறேன். லிங்கராஜபுரத்தில் சொந்த வீடு. பூர்வீகம் திருப்பத்தூர் பக்கம். மாமனார் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவருக்கு தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. மகள் அப்போது ஒன்பதாவது முடித்து எஸ்.எஸ்.எல்.சி.க்குப் போகிறாள். கல்பனாவுக்குக் கை அருமையாக வந்தது. முடிச்சு ஒரே அளவில் விழும், நூலை இழுத்துப் பிடிக்கமாட்டாள். ஆனால் வீட்டில் பேச்சு எடுத்த அன்றே மாமனார், "ஊரார் புடவைக்குக் குச்சு கட்டற நிலைமையிலயா நாம இருக்கோம்?" என்று கேட்டுவிட்டார். கணவர், "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கிறார்.

மாமனார் சத்தம் போட்டதைச் சொல்லித்தான் கல்பனா அழுதாள். எனக்கு அவள் கணவரின் "உன் இஷ்டம்" தான் பயமாக இருந்தது. சத்தம் போடுகிறவர் தன் கவலையை வெளியே வைத்துவிடுகிறார், அதற்குப் பதில் சொல்லலாம். உன் இஷ்டம் என்கிறவர் சம்மதிக்கவில்லை, பொறுத்திருக்கிறார். ஒரு நாள் சாப்பாடு அரை மணி நேரம் தாமதமானால் போதும், உள்ளே இருந்தது முழுசும் அன்றைக்கு வெளியே வரும். வேலையை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திய பெண்கள் பலர் இப்படித்தான் நிறுத்தினார்கள். பாதி கட்டிய புடவை என் கையில் திரும்பி வரும், பொட்டிக்கில் நான் பதில் சொல்ல வேண்டும். அதனால், வீட்டில் எல்லோரும் கேட்க வேண்டியதைக் கேட்டு முடிக்காமல் நான் யாருக்கும் புடவை கொடுப்பதில்லை.

வீட்டாரிடம் பேசப் போவதற்கு முன்னால் கல்பனாவிடம் இரண்டு விஷயம் சொன்னேன். வீட்டில் பணம் போதவில்லை என்ற பேச்சே வாயில் வரக்கூடாது. அது கணவரைக் குறை சொல்வதாக ஆகிவிடும், அதற்கப்புறம் எந்தக் கணக்கும் அவர் காதில் ஏறாது. "பதினொரு மணிக்கு மேல் எனக்கு வீட்டில் வேலை இல்லை" என்பதுதான் அவள் உண்மையான காரணம், அதையே சொல்லச் சொன்னேன். இரண்டாவது, வருமானத்தைக் கூட்டிச் சொல்லக்கூடாது.

கணக்கை ஒரு தாளில் எழுதினோம். முந்தானை அகலம் 46 அங்குலம் போல இருக்கும். அரை அங்குலத்துக்கு ஒன்று வைத்தால் சுமார் 90 குச்சு வரும். சாதாரணக் குச்சுக்கு, கை பழகிய பிறகு, ஒன்றரை மணி நேரம் ஆகும், நான் கொடுக்கும் கூலி 120 ரூபாய். மணி கோத்து குரோஷா ஊசியில் போடும் குச்சுக்கு ஐந்து மணி நேரம், கூலி 350. மாதத்துக்குச் சாதாரணம் 12, குரோஷா 4 என்று வைத்தால் 1,440-ம் 1,400-ம் சேர்ந்து 2,840 ரூபாய். மொத்தம் 38 மணி நேரம். ஞாயிறு தவிர்த்தால் நாளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். நூல், மணி எல்லாம் என்னுடையது.

இது சின்னத் தொகைதான். ஆனால் "மாசம் பத்தாயிரம் வரும்" என்று ஆரம்பித்தால், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று டெபாசிட் கேட்டு ஏமாற்றுகிறவர்களின் ஞாபகம்தான் வரும். கல்பனா கணவரின் தம்பி, டைப்பிங் வேலை தருகிறோம் என்ற ஒருவரிடம் முன்பணம் கட்டி ஏமாந்தவர். இது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கணவர் அந்தத் தாளை இரண்டு தரம் படித்துவிட்டு, "நாங்க முதல்ல எவ்வளவு கட்டணும்?" என்றார். அவர் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. ஒரு ரூபாயும் வேண்டாம், கத்தரிக்கோல் மட்டும் வீட்டில் இருந்தால் போதும் என்றேன். அதற்கப்புறம் அவர் எழுந்து போகவில்லை.

மாமனார் கௌரவத்தைப் பற்றித்தான் பேசினார். பேச விட்டுக் கேட்டபோது அதற்குள்ளே மூன்று தனித்தனிக் கவலைகள் இருந்தன. வாசலில் போர்டு தொங்குமா? முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குள் வந்து போவார்களா? பதினெட்டாயிரம் ரூபாய்ப் புடவையில் கறை பட்டால் யார் கொடுப்பது? மூன்றாவது கேள்வியை நான் எல்லா வீட்டிலும் எதிர்பார்க்கிறேன், கேட்பவர்கள் குறைவு. ஃபோர்மேனாக இருந்தவருக்குப் பொருளுக்குப் பொறுப்பு யார் என்பது முதலில் தோன்றியிருக்கிறது. "ஐயா, இதைக் கேக்காம இருந்திருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றேன்.

போர்டு கிடையாது. புடவை என் பையில் வரும், என் பையில் போகும், வேறு யாரும் வரமாட்டார்கள். கொடுக்கும்போதே முந்தானை, பார்டர், மடிப்பு எல்லாவற்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்வோம், ஏற்கெனவே இருக்கும் கறைக்கு அவள் பொறுப்பில்லை. முதல் இரண்டு மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட புடவை மட்டும். தப்பு நடந்தால் அந்தப் புடவையின் கூலி அவளுக்கு வராது, அதற்கு மேல் வருவது என் பொறுப்பு. இதை ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பேச்சில் இருந்த சூடு அதோடு தணிந்துவிட்டது.

கறை எங்கிருந்து வரும் என்பதையும் காட்டினேன். பெரும்பாலும் கையிலிருந்து வரும், தாளித்துவிட்டு வந்த விரலில் மஞ்சளும் எண்ணெயும் இருக்கும். இன்னொன்று நூலிலிருந்து. சிவப்பு, கருநீல நூல் சிலது சாயம் விடும். ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தி, கொஞ்ச நேரம் விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் ஏறினால் அந்த நூல்கண்டு வேண்டாம். மாமியார் அதுவரை ஒன்றும் பேசாமல் இருந்தவர், உள்ளே போய் அவருடைய அரக்குப் பட்டை எடுத்து வந்து, "முதல்ல இதுக்குக் கட்டட்டும், பாக்கலாம்" என்றார். நான் கேட்க நினைத்ததும் அதுதான். சொந்தப் புடவையில் முதல் வேலை நடந்தால், அது கூலி வேலையாகத் தெரியாது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது அரக்கும் பச்சையும் மாற்றி மாற்றிக் கட்டியிருந்தாள், தொண்ணூறும் ஒரே நீளத்தில். மாமியார் அந்தப் புடவையைத் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டு வந்தார்.

மகளின் படிப்பு பற்றிய கவலையும் வீட்டில் எழுந்தது. அது நியாயமானது, அதை நான் பேசிக் கரைக்கப் பார்க்கவில்லை. ஹாலில் புடவையும் நூலும் பரப்பிக் கிடந்தால் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? அதனால் நேரத்தை வைத்துப் பேசினோம். காலை பதினொன்றிலிருந்து ஒன்றரைக்குள் வேலை, பெண் பள்ளியிலிருந்து வருமுன் எல்லாம் பைக்குள். தொழிலுக்கும் இதுவே நல்லது, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நூலின் நிறம் பார்த்தால் மறுநாள் வெயிலில் அது வேறாகத் தெரியும். பரீட்சை இருக்கும் மார்ச்சிலும் ஏப்ரல் முதல் பாதியிலும் வேலையே கிடையாது. இங்கே குச்சு வேலை நெருக்குவது வரமகாலட்சுமி விரதத்துக்கு முந்தைய வாரங்களில், ஜூலை ஆகஸ்டில்தான். அப்போது பள்ளியில் பாடம் ஆரம்பக் கட்டத்தில் இருக்கும். இந்த இரண்டு காலண்டரும் மோதவில்லை என்பதைக் கணவரே விரல் விட்டுப் பார்த்துச் சொன்னார்.

பணம் எங்கே போகும் என்பதையும் கல்பனா அன்றே சொல்லிவிட்டாள். அவள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கில் வாங்கி, மாதம் 2,000 தபால் நிலைய ஆர்.டி.யில், ஐந்து வருடம். மீதி அவள் கைச்செலவு. வீட்டுச் செலவுக்கு என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கணவர் முகம் மாறியிருக்கும்.

ஜூலையில் இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை வந்தது. ஒரு பொட்டிக்கிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்கு ஃபோன், மறுநாள் காலை விசேஷத்துக்கு ஒரு புடவை, கூலி இரண்டு மடங்கு. கல்பனாவிடம் கேட்டிருந்தால் சரி என்றிருப்பாள், பணத்துக்காக இல்லை, எனக்காக. நான் கேட்கவே இல்லை, என் வீட்டில் உட்கார்ந்து நானே கட்டினேன். ராத்திரி வேலை ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் அப்புறம் நேரம் என்று ஒன்று இருக்காது. அவசர வேலையைத் தள்ளிவிட முடியாத ஏஜெண்டாக இருந்தால், வீட்டாரிடம் நேரக்கணக்குச் சொல்லவே கூடாது என்பேன்.

எல்லா வீட்டிலும் இது நடப்பதில்லை. அல்சூரில் ஒரு பெண், ஒற்றை அறை வீடு, சமையலும் அதே அறையில். வேண்டாம் என்று கணவர் சொன்னதைப் பிடிவாதம் என்றுதான் அவள் நினைத்தாள். போய்ப் பார்த்தேன், புகை படாமல் பட்டை வைக்க ஒரு இடமில்லை. அவர் சொன்னது சரி. நூலில் குச்சு மட்டும் தனியாகக் கட்டித் தரும் வேலை கொடுத்தேன், கூலி குறைவு. இன்னொரு வீட்டில் கணவருக்குப் பிரச்சினை குச்சு இல்லை, மனைவி கையில் தனிக் காசு இருப்பதே பிடிக்கவில்லை. அதற்கு என்னிடம் நேரக்கணக்கும் இல்லை, சீட்டும் இல்லை. அவளுடைய அண்ணனிடம் பேசச் சொல்லிவிட்டு வந்தேன்.

கல்பனாவின் மகள் பரீட்சை முடித்து இப்போது பி.யூ.சி. படிக்கிறாள். மாமனார் இன்னும் முழுசாக இறங்கி வரவில்லை. ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் பைகள் மாடி அறைக்குப் போய்விடுகின்றன, கல்பனா அதைப் பெரிசுபடுத்துவதில்லை. கல்யாணப் பட்டுக்கு மணி வைத்த குச்சு கட்டக் கேட்டிருக்கிறாள், அதற்குக் கூலி அதிகம். புடவை விலை இருபதாயிரத்துக்கு மேல். பூட்டு வைத்த பீரோ தனியாக இருந்தால் சரி என்று மாமனார் சொல்லியிருக்கிறார். சிவாஜி நகரில் பழைய ஸ்டீல் பீரோ ஒன்றை விலை கேட்டு வைத்திருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.