உச்சி ஐதான தலைக்கு வெட்டு மட்டும்: இதுவரை செய்து பார்த்தது

நெற்றியின் இரண்டு மூலையும் உள்ளே போய், உச்சந்தலைச் சுழியைச் சுற்றி ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவுக்கு மயிர் ஐதாகிவிட்ட தலை என்னுடையது. எண்ணெய், மருந்து, மாத்திரை, மயிர் நடுவது எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. சலூன் கதிரையில் இருந்து எழும்பும்போது வெட்டால் மட்டும் எவ்வளவு மாற்றம் வருகிறது என்றுதான் பார்த்து வருகிறேன்.

முதலில் அளக்க ஒரு வழி வேண்டும். குளியலறைக் கண்ணாடி நெற்றியைக் காட்டும், உச்சியைக் காட்டாது. அதனால் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் தலையை முழுகிக் காயவிட்டு, எண்ணெய் வைக்காமல், மதிய வெயிலில் முற்றத்தில் நின்று மேலிருந்து ஒரு படம் எடுப்பிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியான வெயில் நேர் உச்சியில் விழும். அந்த வெளிச்சத்தில் மறையாதது எந்த வெளிச்சத்திலும் மறையாது. நல்லூர்த் தேரும் ஓகஸ்ட் கடைசியை ஒட்டியே வரும் என்பதால் சோதனைக்கு ஆட்களும் குறைவில்லை.

உச்சியில் மயிரை நீளமாக விட்டு மேவி இழுப்பதுதான் இங்கே எல்லாரும் செய்வது. படத்தில் பார்த்தால் அது ஏன் சரிவரவில்லை என்று உடனே விளங்கும். சுழியில் மயிர் எல்லாப் பக்கமும் விரிந்து வளர்கிறது. நீளம் கூடக்கூடப் பாரம் தாங்காமல் படுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றை கற்றையாகப் பிரிந்துவிடும். கற்றைகளுக்கு நடுவே தோல் கோடு கோடாகத் தெரியும். வியர்த்தாலோ நல்லெண்ணெய் வைத்தாலோ இன்னும் மோசம். ஹெல்மெட்டைக் கழற்றினால் சொல்லவே வேண்டாம். கட்டையான மயிர் ஒட்டாது, தன்பாட்டில் நிமிர்ந்து நிற்கும், தோலின்மேல் ஒரே சீரான நிழல் விழும்.

ஆனால் தலை முழுவதையும் ஒரே அளவில் கட்டையாக வெட்டியதும் போதவில்லை. மெசினில் நம்பர் மூன்று போட்டு, அதாவது ஏறக்குறைய 10 மில்லிமீற்றரில் எங்கும் ஓட்டிப் பார்த்தோம். உச்சி முன்பைவிட நன்றாக இருந்தது, ஆனால் காதுக்கு மேலும் பிடரியிலும் மயிர் அடர்ந்து கறுப்பாக நின்றது. ஆண்களுக்கு வரும் வழமையான வழுக்கையில் அந்தப் பகுதி பெரும்பாலும் தப்பிவிடும். அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் உச்சி வெளிறிப்போய்த் தெரிந்தது. அந்தப் படத்தைச் சலூன் தம்பியிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “அண்ணை, உச்சியில ஒண்டும் செய்ய ஏலாது. சுத்திவர இருக்கிறதைத்தான் இறக்க வேணும்” என்றார். இன்றுவரை நான் செய்வதெல்லாம் அந்த ஒரு வசனத்தைத்தான்.

இப்போதைய வெட்டு இப்படி. காதுக்கு மேலும் பிடரியிலும் கீழ்ப்பகுதி நம்பர் ஒன்று, 3 மில்லிமீற்றர். அதற்கு மேல் மண்டை வளையத் தொடங்கும் இடம்வரை நம்பர் இரண்டு, 6 மில்லிமீற்றர், மயிர் வளரும் திசைக்கு எதிராக. உச்சிக்கு மட்டும் நம்பர் மூன்று, அதுவும் சுழி போகும் போக்கிலேயே மெசினை வளைத்துக்கொண்டு. இந்தத் திசை விஷயம் முக்கியம். ஒரே நம்பராக இருந்தாலும் எதிர்த்திசையில் ஓட்டினால் அடியோடு பிடித்து வெட்டும். வளரும் திசையில் ஓட்டினால் படுத்திருக்கும் மயிரில் கொஞ்சம் கூடுதலாக மிஞ்சும். அடர்ந்த இடத்தில் எதிராகவும் ஐதான இடத்தில் போக்கோடும் ஓட்டினால் இரண்டின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும்.

இதில் பிழைக்கக்கூடிய இடம் உச்சிக்குச் சற்றுக் கீழே, பின்பக்கத்தில். அங்கே இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது நன்றாகக் கலக்காவிட்டால், ஐதான வட்டத்தைச் சுற்றி ஒரு கறுத்த வளையம் நிற்கும். வெட்டு புதிதாக இருக்கும்போது முன்கண்ணாடியில் தெரியாது. கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து, நாடியை நெஞ்சில் முட்டும்வரை தாழ்த்திப் பார்த்தால் தெரியும். கதிரையை விட்டு எழும்ப முதல் அதை நான் கட்டாயம் பார்க்கிறேன்.

முன்பக்கம் வேறு கதை. அங்கே மயிர் ஒரே திசையில் போவதால் நீளம் உதவுகிறது. உச்சியின் முன்விளிம்பிலிருந்து நெற்றியை நோக்கிக் கத்தரிக்கோலால் படிப்படியாகக் கூட்டி, நெற்றியில் 3 சென்ரிமீற்றர் வரை விட்டு, முன்னோக்கி இழுத்துவிடுகிறோம். நுனி நேர்கோடாக இருக்கக் கூடாது. நேர்கோடு வைத்தால் மூலைகளில் எவ்வளவு குறைகிறது என்று கண் உடனே கணக்குப் போட்டுவிடும். கத்தரிக்கோல் நுனியை மயிருக்குள் செங்குத்தாக விட்டு அங்கங்கே வெட்டினால் ஓரம் ஒழுங்கில்லாமல் விழும். பல்லு வைத்த கத்தரிக்கோலை மேல்பக்கத்தில் தொட விடுவதில்லை, அது அடர்ந்த மயிரைக் குறைக்கத்தான் இருக்கிறது. என்னிடம் குறைக்க அங்கே ஒன்றும் இல்லை.

பிளேட்டால் நெற்றிக் கோட்டை ‘எடுத்துவிடும்’ பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். மூலைகளில் மெல்லிய பூனைமயிர் கொஞ்சம் இருக்கும். அதைச் சிரைத்தால் உள்ளே போன மூலைக்கு நாங்களே எல்லைக்கல் நட்ட மாதிரித்தான். விட்டுவிட்டால் கோடு மங்கலாக இருக்கும், அவ்வளவுதான் வேண்டும். கிருதாவைத் தாடியோடு படிப்படியாகக் கலப்பதால் பார்வை கொஞ்சம் கீழே இறங்குகிறது. இது என் சொந்த ரசனை, வீட்டில் இதற்கு ஆதரவு இல்லை.

குறைபாடு என்றால், இந்த வெட்டு நீடிக்காது. தலைமயிர் மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட வளரும். 3 மில்லிமீற்றரில் விட்ட கரை மூன்று கிழமையில் 10 மில்லிமீற்றரைத் தாண்டிவிடும். உச்சியும் வளரும்தான், ஆனால் அங்கே நீளம் கூடுவது லாபமில்லை என்பதை மேலே சொன்னேன். ஆகவே மூன்றாம் கிழமைப் படத்தில் வளையம் திரும்ப வந்துவிடுகிறது. இப்போது நடுவில் ஒருமுறை வீட்டிலேயே கரையை மட்டும் நம்பர் ஒன்றால் காதுமட்டத்துக்குச் சற்று மேல்வரை இறக்குகிறேன். உச்சியில் கை வைப்பதில்லை. அது சலூனுக்குரியது, தன் சுழியைத் தானே பார்த்து மெசின் வளைக்க எனக்குக் கண் பின்னால் இல்லை.

வெயில் இன்னொன்று. கட்டையாக வெட்டிய முதல் நாட்களில் உச்சித்தோல் முகத்தைவிட வெளிறியிருந்து நன்றாகத் தெரிந்தது. கொஞ்சம் கறுத்த பிறகு மயிருக்கும் தோலுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் குறைந்தது. அதற்காக வெயிலில் நின்று கறுக்க வேண்டாம், உச்சி எரிந்து தோல் உரியும். வெளியில் போனால் தொப்பி போடுகிறேன்.

இந்த வெட்டுக்கு ஒரு எல்லை உண்டு. என் தலையில் முன்பக்கத்துக்கும் உச்சிக்கும் நடுவே மயிர் இன்னும் தொடர்ச்சியாக இருக்கிறது. என் அண்ணருக்கு அந்த இணைப்பு போய்விட்டது, முன்னால் ஒரு திட்டு மட்டும் தனியே நிற்கிறது. அவருக்கு இதே வெட்டைப் போட்டுப் பார்த்தோம். முன்னோக்கி இழுத்த மயிருக்குப் பின்னால் வெறுந்தோல் தெரிந்து, திட்டு இன்னும் எடுப்பாகிவிட்டது. அடுத்த தடவை அவருக்கு எங்கும் நம்பர் ஒன்று போட்டு, தாடியை மட்டும் கொஞ்சம் விட்டோம். அதுதான் பொருந்துகிறது. எனக்கும் நடு இணைப்பு மெலிகிறதா என்று மதியப் படங்களில் பார்த்து வருகிறேன். இப்போதைக்கு முன்னுக்கு 3 சென்ரிமீற்றர் நிற்கலாம்.