பந்து கீப்பரிடம் போன பிறகு அசையும் பேட்: டிவியின் தாமதத்தை போனில் அளந்த கதை

பெருமாள்புரத்தில் அக்கா வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் மருமகனின் புகார் வந்துவிடும். இந்த முறை டிவி மீது. லேப்டாப்பை ஹெச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு மாட்டி கிரிக்கெட் கேம் ஆடுகிறான். "மாமா, நான் பட்டன அமுக்குன பொறவு ரொம்ப நேரம் கழிச்சுதான் பேட் அசையுது. மானிட்டர்ல இப்படி இல்ல. புது மானிட்டர் வாங்கணும், அம்மாட்ட சொல்லுங்க" என்றான். அவன் சொன்ன மானிட்டர் பக்கத்து அறையில் இருக்கும் அவன் அப்பாவின் அலுவலக மானிட்டர். அவர் இருக்கும்போது அதைத் தொடவிடமாட்டார்.

"ஏல, வாங்குறதுக்கு முன்னாடி எவ்வளவு தாமதம்னு அளந்து பாப்போம்" என்றேன். அவன் போனில் ஒரு நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருந்தது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 4.17 மில்லி செகண்ட். மவுஸை அமுக்கும் விரலும் திரையும் ஒரே காட்சியில் தெரியும்படி படம் பிடித்து, அமுக்கியதிலிருந்து திரை மாறும்வரை எத்தனை ஃபிரேம் என்று எண்ண வேண்டும். அதை 4.17 ஆல் பெருக்கினால் மில்லி செகண்ட். கேட்க இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் முதல் நாள் முழுக்க ஏமாந்தோம்.

கேமையே வைத்து அளந்தால் பேட் எந்த நொடியில் அசைந்தது என்று சண்டை வரும். அதனால் அமுக்கினால் கறுப்புத் திரை வெள்ளையாகும் ஒரு பக்கம் எழுதினேன். இதை `lag.html` என்று சேமித்து பிரவுசரில் திறந்து F11 அழுத்தினால் முழுத்திரை ஆகிவிடும்:

```html
<body style="background:black">
<script>
onmousedown = () => document.body.style.background = "white";
onmouseup = () => document.body.style.background = "black";
</script>
```

லேப்டாப்பில் Win+P அழுத்தி, Second screen only என்று வைத்துக்கொண்டோம். லேப்டாப் திரையும் டிவியும் ஒன்றாக ஓடினால் இரண்டும் வேறு வேறு நேரத்தில் புதுப்பித்து, இல்லாத தாமதத்தைக் காட்டக்கூடும். டிவி, மானிட்டர் இரண்டுக்கும் 1080p, 60 ஹெர்ட்ஸ். அதே கேபிள், அதே லேப்டாப், அதே மவுஸ். மாறுவது திரை மட்டும்.

மருமகன் ஒரு யோசனை சொன்னான். மவுஸ் அமுங்கியது படத்தில் சரியாகத் தெரியாது, கீபோர்டில் Caps Lock அழுத்தினால் விளக்கு எரியுமே, அது எரியும் நொடியைத் தொடக்கமாக வைக்கலாமே என்று. கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. ஆனால் அந்த விளக்கைப் பொதுவாக கீபோர்டு தானாக எரிப்பதில்லை. சாவி அமுங்கிய செய்தி கணினிக்குப் போய், கணினி திருப்பிச் சொன்ன பிறகுதான் எரியும். அதைத் தொடக்கமாக வைத்தால் போய்வந்த நேரமெல்லாம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். மவுஸ் ஸ்விட்சிலேயே எல்இடி பற்றவைப்பவர்கள் இருக்கிறார்கள். அக்கா வீட்டு மவுஸில் அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. விரலை அரை அங்குலம் தூக்கிச் சட்டென்று தட்டினோம். விரல் கீழே போய் நின்ற முதல் ஃபிரேம்தான் தொடக்கம். ஒரு ஃபிரேம் முன்னே பின்னே ஆகும், ஆனால் எல்லா அளவுக்கும் ஒரே ஆள், ஒரே விதி என்றால் அந்தப் பிழை இரண்டு திரைக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

டிவி அப்போது, பட அலங்காரங்களைக் குறைத்துத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடில் இருந்தது. முதல் அளவு 14 ஃபிரேம். அப்புறம் மானிட்டர்: 15. மருமகனுக்கு முகம் விழுந்துவிட்டது. மானிட்டரைவிட டிவி வேகமா? எனக்கும் நம்பிக்கை வரவில்லை. வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது. டிவியைச் சுவரில் உயரமாக மாட்டியிருக்கிறார்கள். அதை மேல் ஓரம் வெளுத்த ஃபிரேமில் எண்ணியிருந்தோம். மானிட்டருக்கு முன்னால் மவுஸை ஒட்டி வைத்ததால் காட்சியில் அதன் அடி ஓரம் மட்டும்தான் விழுந்திருந்தது.

திரை ஒரே நேரத்தில் வெள்ளையாவதில்லை. மேலிருந்து கீழே வரிவரியாக எழுதப்படுகிறது, 60 ஹெர்ட்ஸில் அதற்குக் கிட்டத்தட்ட 16.7 மில்லி செகண்ட். 240 படத்தில் பார்த்தால் அது நான்கு ஃபிரேம், கடைக்கு ஷட்டர் இறக்குவதுபோல வெள்ளை கீழே இறங்குவது கண்ணுக்கே தெரியும். மேல் ஓரத்தை எண்ணினால் நடுவைவிட இரண்டு ஃபிரேம் குறைவு, அடி ஓரத்தை எண்ணினால் இரண்டு கூடுதல். இதைச் சேர்த்தால் டிவி 16, மானிட்டர் 13. கதையே தலைகீழாகிவிட்டது. அதன் பிறகு டிவியின் கீழே ஸ்டூல் போட்டு மவுஸை வைத்து, திரையின் நடுப்பகுதி காட்சியில் வரும்படி போனைப் பின்னால் தள்ளி, நடுவில் கறுப்பு முதலில் சாம்பலாகும் ஃபிரேமையே முடிவு என்று வைத்தோம்.

இடையில் இரண்டு சில்லறைத் தொந்தரவு. அறையின் மலிவு எல்இடி பல்பு ஸ்லோ மோஷனில் மின்னி மின்னி எரிந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் நொடிக்கு 100 முறை அது மங்கிப் பிரகாசிக்கிறது. திரை வெளுத்ததா பல்பு பளிச்சிட்டதா என்று குழம்பாமலிருக்க விளக்கை அணைத்து முற்றத்துக் கதவைத் திறந்துவிட்டோம். இன்னொன்று, வீடியோவை அவன் மெசேஜ் ஆப்பில் எனக்கு அனுப்பினான். அது சுருங்கி, பாதி ஃபிரேம்கள் காணாமல் வந்தது. கேபிளில் நேராக ஏற்றி, விஎல்சியில் E எழுத்தை ஒவ்வொரு முறை தட்டி ஒவ்வொரு ஃபிரேமாக எண்ணினோம். ஓடும் நேரத்தைப் பார்க்கக் கூடாது. சில போன்கள் ஸ்லோ மோஷனை நீட்டி 30 ஃபிரேம் வீடியோவாகச் சேமிக்கும், சில அப்படியே வைக்கும். ஃபிரேம் எண்ணிக்கை இரண்டிலும் மாறாது. அதே போனில் 960 என்றொரு பொத்தானும் இருந்தது. எடுத்துப் பார்த்தால் விரல் இரண்டு இடத்தில் ஆவிபோல் தெரிந்தது, அதாவது நடுவில் உள்ள படங்களை போன் தானே செய்து செருகுகிறது. 240-லேயே நின்றோம்.

சரி, பத்துப் பத்தாக எடுத்தோம். டிவி, கேம் மோட்: 15, 18, 17, 14, 16, 18, 15, 17, 16, 14. சராசரி 16 ஃபிரேம், 67 மில்லி செகண்ட். மானிட்டர்: 12, 14, 13, 15, 12, 14, 11, 13, 14, 12. சராசரி 13, அதாவது 54.

எண்கள் இப்படிக் குதிப்பதைப் பார்த்து "கை நடுங்குது மாமா" என்றான். கையல்ல. திரை 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு முறைதான் புதிய படத்தை எடுத்துக்கொள்கிறது. பஸ் கிளம்பும் நொடியில் ஓடிவந்து ஏறியவனுக்குக் காத்திருப்பு இல்லை, அது கிளம்பிய மறு நொடியில் வந்தவன் அடுத்த பஸ்வரை நிற்க வேண்டும். நம் விரலும் அப்படி ஏதோ ஒரு நேரத்தில்தான் விழுகிறது. மவுஸும் சாதாரணமாக 8 மில்லி செகண்டுக்கு ஒரு முறைதான் கணினியிடம் சேதி சொல்லும். அதனால் நான்கு ஃபிரேம் அகலத்துக்கு எண்கள் சிதறியே தீரும். டிவியில் ஒரே ஒரு அளவு எடுத்து 14 விழுந்தால், மானிட்டரில் ஒரே ஒரு அளவு எடுத்து 15 விழுந்தால் தீர்ப்பே மாறிப்போகும். எல்லா அளவும் ஒரே எண்ணாக வந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

அடுத்து அவன் பயந்தது 67 என்ற எண்ணைப் பார்த்து. இணையத்தில் பல புதிய டிவிகளுக்கு கேம் மோடில் 10, 15 மில்லி செகண்ட் என்று போடுகிறார்களே, நம் டிவி பழுதா என்றான். அவர்கள் அளப்பது வேறு. ஒரு சிறு கருவியே படத்தை அனுப்பி, திரைமீது வைத்த உணரியால் அது எப்போது ஒளிர்ந்தது என்று பார்க்கும். அதில் டிவியின் நேரம் மட்டும்தான். எங்கள் 67-இல் மவுஸ், யூஎஸ்பி, விண்டோஸ், பிரவுசர், கிராபிக்ஸ், டிவி எல்லோரும் பங்காளிகள். எந்தப் பங்கு யாருடையது என்று இந்த முறையில் பிரிக்க முடியாது. மானிட்டரின் 54-இலும் அதே பங்காளிகள்தான். அதனால் நம்பத்தக்கது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்: 3 ஃபிரேம், 12.5 மில்லி செகண்ட். 60 ஹெர்ட்ஸ் திரையின் ஒரு படம் நிற்கும் நேரத்தைவிடக் குறைவு. பத்து அளவின் சராசரியிலேயே ஒரு ஃபிரேம் இங்கே அங்கே இருக்கும் என்பதால் '10-க்குப் பக்கம்' என்று சொன்னால் போதும், தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை யாரிடமும் பெருமையடிக்க வேண்டாம்.

அப்படியென்றால் அவன் சொன்ன 'ரொம்ப நேரம்' எங்கே போனது? மறுநாள் சரிபார்க்கப் போனால் விடை தானாக வந்தது. மீண்டும் மாட்டி அளந்தோம்: 38, 41, 40, 37, 42, 39, 40, 38, 41, 39. சராசரி 39.5 ஃபிரேம், 165 மில்லி செகண்ட். எனக்குத் தலை சுற்றியது. பின்னால் எட்டிப் பார்த்தால் கேபிள் ஹெச்டிஎம்ஐ 2-இல் இருந்தது. அந்த டிவி பட அமைப்பை ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. முதல் நாள் மெனுவைக் குடைந்து நான் கேம் மோட் போட்டது ஹெச்டிஎம்ஐ 1-க்கு மட்டும். அவன் எப்போதும் ஆடுவது 2-இல். அதில் அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் புதுப் படம் செய்து செருக வேண்டுமென்றால் அடுத்த படம் வரும்வரை கையிலிருப்பதைப் பிடித்து வைத்துத்தானே ஆக வேண்டும். அதோடு மற்ற பட அலங்காரங்களும் சேர்ந்து 98 மில்லி செகண்டை விழுங்கியிருந்தன. மணிக்கு 130 கிலோமீட்டரில் வரும் பந்து அந்த நேரத்தில் மூன்றரை மீட்டர் கடந்துவிடும். பையன் பொய் சொல்லவில்லை.

அன்று மாலை கேபிளை 1-க்கு மாற்றிவிட்டு ஆடினான். பந்து பேட்டில் பட்டது. அவன் ஆடுவது வயரில்லாத கேம்பேடில், அதற்கென்று தனித் தாமதம் உண்டு. எங்கள் மவுஸ் கணக்கு அதற்குப் பொருந்தாது. அதை இன்னொரு நாள் கேம்பேடு பட்டனைத் தட்டியே அளக்க வேண்டும். புது மானிட்டர் பேச்சு அத்தோடு நின்றது. கேம் மோடில் படம் சப்பென்று இருக்கிறது, சீரியல் முகமெல்லாம் வெளுத்துத் தெரிகிறது என்று அக்காதான் இப்போது புகார் சொல்கிறாள். செட்டாப் பாக்ஸை 2-க்கு மாற்றி, டிவிக்குப் பின்னால் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி எழுதி வைத்தேன்: 1 பையன், 2 அக்கா.