ஒரே கோடாகத் தெரியும் இரு சமன்பாடுகள்: மேட்லேப் அசைன்மென்ட் அனுபவம்

புதுச்சேரியில் பொறியியல் படித்தபோது எண்முறைப் பாடத்தின் மேட்லேப் அசைன்மென்ட்டில் எனக்கு மிகவும் பயன்பட்ட கணக்கு ஒன்றை, அதே பாடத்தை இப்போது எடுத்திருக்கும் கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்காக எழுதுகிறேன். வீட்டுக் கணினியில் மேட்லேப் இல்லாதவர்கள் கீழே உள்ள வரிகளை, இலவசமாகக் கிடைக்கும் ஆக்டேவிலும் அப்படியே இயக்கலாம்.

x + y = 2, x + 1.0001y = 2.0001 என்பவை சமன்பாடுகள். x = 1, y = 1 என்ற தீர்வு பார்த்தாலே புலப்படும்.

```
A = [1 1; 1 1.0001];
b = [2; 2.0001];
z = A\b
cond(A)
```

`inv(A)*b` என்று எழுதாமல் `A\b` என்றே எழுதுங்கள். அது நேர்மாறு அணியைக் கணக்கிடாமல், அணியின் தன்மைக்கு ஏற்ற முறையைத் தானே தேர்ந்தெடுத்துத் தீர்க்கிறது. விடை 1, 1 என்று சரியாகவே வரும். பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகுதான் இருக்கிறது. `b`-இன் இரண்டாம் எண்ணை 2.0002 என்று மாற்றி மீண்டும் இயக்கினால், விடை x = 0, y = 2 என்றாகிவிடும். வலப்பக்கத்தில் 0.0001 மட்டுமே மாறியிருக்க, தீர்வு ஒவ்வொன்றும் முழுதாக 1 நகர்ந்துவிட்டது. வலப்பக்கத்தின் சிறு மாற்றம் விகித அளவில் விடையில் எத்தனை மடங்கு வரை பெருகலாம் என்று அளக்கும் `cond(A)` ஏறத்தாழ 40,000 என்று காட்டுவதன் பொருள் இதுவே.

காரணத்தை வரைபடத்தில் காணலாம்.

```
t = linspace(-1,3,200);
y1 = 2 - t;
y2 = (2.0001 - t)/1.0001;
plot(t, y1, t, y2, '--')
figure
plot(t, y2 - y1), grid on
```

முதல் படத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரியும். வெட்டும் புள்ளியை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் கண்ணால் உறுதிசெய்ய முடியாது. ஆகவே வேறுபாட்டைத் தனியே வரைய வேண்டும். இரண்டாம் படத்தில் செங்குத்து அச்சு 10-இன் −4 அடுக்கு அளவில் இருக்க, கோடு t = 1-இல் பூச்சியத்தைக் கடப்பது தெளிவாகத் தெரியும். (சார்பில் `t*exp(-t)` போன்ற பெருக்கல் வந்தால் `.*` என்று புள்ளியிட வேண்டும், இல்லையேல் பிழைச்செய்தி வரும்.)

விடையைச் சமன்பாட்டில் பொருத்திப் பார்த்தால் போதும் என்ற நம்பிக்கையும் இங்கே பலிப்பதில்லை. பழைய `b`-க்கு, தவறான விடையான [0, 2]-ஐப் பொருத்தினாலும் `b - A*[0;2]` தருவது 0, −0.0001 மட்டுமே. மீதம் சிறியதாக இருப்பதால் விடை சரி என்று அறிக்கையில் எழுதக் கூடாது. மேட்லேப் எச்சரிக்கும் என்றும் காத்திருக்க வேண்டாம். அணி பூச்சியக்கோவை அணிக்கு நெருக்கமானது என்ற எச்சரிக்கை, `cond`-இன் தலைகீழ் மதிப்பைப் போன்ற `rcond` ஏறத்தாழ 2.2e-16-க்கும் கீழே இறங்கும்போதுதான் வரும்.

கணினி ஏறத்தாழ 16 இலக்கத் துல்லியத்தில் கணக்கிடுவதால், 40,000 என்ற மதிப்பு அவற்றில் நான்கைந்தைப் பறித்தாலும் கணக்கீட்டுக்குப் பெரிய கேடில்லை. ஆனால் `b` என்பது ஆய்வகத்தில் நான்கு இலக்கம் வரை மட்டும் அளந்த மதிப்பாக இருந்தால், `z`-இல் ஓர் இலக்கத்தைக் கூட நம்ப முடியாது. அத்தகைய கேள்வியில் விடையுடன் `cond(A)`-ஐயும் இந்தக் காரணத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.