விரல்வார் செருப்பு: முன் ஓட்டைதான் எல்லாம்

நான் கையால் செய்துவரும் செருப்புகளில், கட்டைவிரல் இடுக்கில் வார் இறங்கும் விரல்வார் ஜோடி ஒருவழியாகச் சரியாக அமைந்துவிட்டது. முன்வார் பிடுங்கவில்லை, விரலிடுக்கு சிவக்கவில்லை, குதிகாலுக்குப் பின்னால் சோல் நீட்டிக்கொண்டும் இல்லை. ஸ்லைடு ஜோடி பாதியில் கிடக்கிறது. கிளாடியேட்டருக்கு அட்டையில் அளவு வெட்டியதோடு சரி. அச்செடுப்பது, வெட்டுவது, பசை போடுவது எல்லாம் இங்கே எல்லோருக்கும் கைவந்ததுதான் என்பதால் அதையெல்லாம் விட்டுவிட்டு, முன்வார் சோலுக்குள் இறங்கும் முன் ஓட்டைக்கே வருகிறேன். இந்த வகையில் கெடுவதெல்லாம் அங்கேதான் கெடுகிறது.

ஸ்லைடில் ஒரே அகலப் பட்டை. அது சோலின் இரண்டு ஓரத்திலும் நீளமாக உட்கார்ந்திருக்கும், இழுப்பு அந்த நீளம் முழுக்கப் பரவிவிடும். கிளாடியேட்டரில் குறுக்குப் பட்டைகள் பல. ஒன்று கொஞ்சம் தளர்ந்தாலும் பக்கத்துப் பட்டை தாங்கிக்கொள்ளும். ஸ்போர்ட்ஸ் செருப்பில் குதிகாலைச் சுற்றி வார் இருப்பதால் சோல் காலோடு சேர்ந்தே எழும்பும். விரல்வாரில் இந்த வசதி எதுவும் கிடையாது. மூன்றே இடத்தில் வார் சோலுக்குள் இறங்குகிறது. குதிகாலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் சோலின் பின்பாதி கீழே தொங்கி, முன் ஓட்டையை நெம்பி இழுக்கிறது. ரப்பர் ஹவாய் செருப்பில் முன்பக்கக் குமிழ் மட்டும் பிய்த்துக்கொண்டு வருவதும், நாம் அடியில் ஊக்கு குத்தி ஓட்டுவதும் இதனால்தான்.

முதலில் ஓட்டையின் இடம். உட்கார்ந்தபடி கால் அச்சு எடுத்தால் விரல்கள் விரியாது, இடம் தவறிவிடும். முழு எடையும் ஊன்றி நிற்க வேண்டும். பேனாவை அப்படியே விட்டால் தடிமன் அதிகம், வெறும் ரீஃபிலை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் அதைச் செங்குத்தாக நிறுத்தி, விரலிடுக்குத் தோலை லேசாகத் தொடும்வரை பின்னால் தள்ளி, அங்கே ஒரு புள்ளி. ஓட்டையின் பின்முனை அந்தப் புள்ளிக்கு 3 மி.மீ. முன்னால் வர வேண்டும். இரண்டு காலுக்கும் தனித்தனியாக எடுப்பது நல்லது. வலது அச்சைத் திருப்பிப் போட்டு இடதை வெட்டுவது சோம்பேறித்தனம். பல பேருக்கு இரண்டு காலும் ஒன்றுபோல இருப்பதில்லை.

அந்த 3 மி.மீ. எதற்கு? நடக்கும்போது கால் முன்னால் சறுக்கும். அதைத் தடுத்து நிறுத்த வேண்டியது புறங்காலின் மேல் கிடக்கும் ‘வி’ வார், விரலிடுக்குத் தோல் அல்ல. இடைவெளி இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியிலும் இடுக்குத் தோல் போய் வாரில் மோதும், சாயங்காலத்துக்குள் கொப்புளம். ஓட்டை ரொம்ப முன்னால் போய்விட்டாலோ கால் மொத்தமும் முன்னேறி, விரல் நுனி சோலைத் தாண்டும், பின்னால் சோல் மிச்சமாக நீட்டும்.

இடுக்கு சிவந்தால் உடனே ஓட்டையைக் குறை சொல்லக் கூடாது. ‘வி’ வாரைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்து பார்க்கலாம். வலி விட்டுவிட்டால் வார் தளர்ச்சிதான் காரணம், ஓட்டை சரியாகவே இருக்கிறது. அப்படியும் உறுத்தினால் ஓட்டை பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். கால் படும் மேலடுக்கான அந்த இன்சோலைக் காப்பாற்ற முடியாது, புதிதாக வெட்ட வேண்டியதுதான்.

வட்ட ஓட்டை ரப்பர் வாருக்குச் சரி. தோல் வாருக்கு நீள வெட்டுதான், அதுவும் காலின் நீளவாக்கில். 8 மி.மீ. அகலமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள வார் அப்படி இறங்கினால் விரல்களுக்கு நடுவே வருவது அதன் தடிமன் மட்டும். குறுக்கே வெட்டினால் முழு அகலமும் விரல்களை அகட்டி வைக்கும். வெட்டின் இரண்டு முனையிலும் முதலில் துளைக்கருவியால் 2 மி.மீ. துளை போட்டுவிட்டு, பிறகு அவற்றைக் கத்தியால் இணைக்கிறேன். துளை இல்லாமல் வெறும் கீறலாக விட்டால் முனையிலிருந்து கிழிசல் ஓடும்.

அடுத்து வாரின் வால். இன்சோலுக்குக் கீழே குறைந்தது 25 மி.மீ. வால் மிஞ்ச வேண்டும். அதை நடுவில் பிளந்து, ஒரு நாக்கை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் மடித்து ஒட்டினால் இரண்டு பக்கமும் பிடிக்கும். நாக்குகளின் ஓரத்தைச் சீவி மெலிதாக்காவிட்டால் காலுக்கடியில் கல் மிதித்த மாதிரி உறுத்தும். அதனால் 4 மி.மீ. இன்சோலின் அடியில் ஒன்றரை மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து அதில் படுக்க வைத்தேன். இங்கே முக்கியம், வாரின் வழவழப்பான மேற்பக்கத்தைச் சொரசொரப்பாகத் தேய்ப்பது. தேய்க்காவிட்டால் பசை அந்தப் பாலிஷைத்தான் பிடிக்கும், தோலைப் பிடிக்காது. இழுத்தால் பாலிஷோடு உரிந்து வரும். பிடுங்கிய வாலைத் திருப்பிப் பாருங்கள். பசை படலமாக, பளபளவென்று உரிந்திருந்தால் தேய்ப்பு போதவில்லை. தோல் நார் பிய்ந்து ஒட்டியிருந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது, தோல்தான் மட்டம். ஒட்டியபின் மேலே மெல்லிய தோல் துண்டு ஒன்றை வைத்து, சுற்றி நைலான் நூலில் தைத்துவிட்டேன். வெறும் பசையை நம்புகிற இடம் இது இல்லை.

வாருக்கான தோலை முதுகெலும்புக்கு இணையாக வெட்ட வேண்டும், அந்தப் போக்கில்தான் நீட்சி குறைவு. வயிற்றுப் பக்கத் தோலில் வெட்டிய முன்வார் கொஞ்ச நாளில் நீண்டுபோய் செருப்பு தொளதொளக்கும். இரண்டு மெல்லிய தோலுக்கு நடுவே 6 மி.மீ. நைலான் நாடா வைத்து ஒட்டினால் அந்தக் கவலையும் இல்லை. மரப்பட்டையில் பதனிட்ட கெட்டியான தோல் இன்சோலுக்கு அருமை. குரோம் தோல் தொய்ந்துவிடும், அதை ஸ்லைடு பட்டைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சோலைப் பற்றி ஒரு புலம்பல். மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்று சொல்லி ஒரு கடையில் தள்ளிவிட்ட ஷீட், வெட்டிப் பார்த்தால் ஈவா நுரை. வாங்கும்போதே நகத்தால் அழுத்திப் பார்ப்பது நல்லது. ரப்பர் உடனே எழும்பிவிடும், மட்டமான ஈவாவில் நகத்தடம் அப்படியே நிற்கும். ஒரே தடிமனில் ஈவா எடையும் குறைவு. ஈவாவுக்கு பிரைமர் பூசாமல் சாதாரண சொல்யூஷன் போட்டால் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும். டயர் சோல் ஆசை இருந்தால் நைலான் டயராகப் பார்த்து எடுக்க வேண்டும். ரேடியல் டயரில் உள்ள எஃகுக் கம்பி கத்தியையும் தின்னும், காலையும் குத்தும். ஆனால் டயரின் கனம் முழுக்க முன் ஓட்டையில்தான் தொங்கும். அந்தக் கனத்துக்கு விரல்வாரோடு குதிகால் வாரும் சேர்ப்பதே நியாயம். 1984இல் கிராண்ட் கேன்யன் படகு வழிகாட்டி மார்க் தாட்சர், ஆற்றில் செருப்பு கழன்று போகாமலிருக்க வெல்க்ரோ வாரைச் சேர்த்த யோசனையில் பிறந்ததுதான் டெவா ஸ்போர்ட்ஸ் செருப்பு.

அடுத்து ஸ்லைடை முடிக்கலாம் என்றால், பட்டையின் நீளம் இன்னும் பிடிபடவில்லை. முன்னும் பின்னும் வேறு வார் இல்லாததால் பட்டை புறங்காலில் படிந்தே ஆக வேண்டும். காலையில் அளந்தால் சாயங்காலம் வீங்கிய காலுக்கு இறுகுகிறது, சாயங்காலம் அளந்தால் காலையில் கழல்கிறது. பட்டையை இரண்டாகப் பிரித்து நடுவே பக்கிள் வைத்துப் பார்க்கப் போகிறேன். கிளாடியேட்டருக்கு நடு வாரில் குறுக்குப் பட்டைகளைக் கோக்கத் தட்டையான வளையங்கள் வேண்டும். பித்தளையில், 12 மி.மீ. உள்ளகலத்தில் சில்லறையாகக் கிடைக்கும் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.