விற்பனைத் தாளில் ‘அடுத்த நாள்’

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

கோவை வட்டாரத்து நூற்பாலைகளில் கம்ப்ரசர் காற்றுக் குழாய்களின் கசிவைக் கண்டறிந்து தரும் சேவையை விற்பது எங்கள் தொழில். ஆலைகளின் பராமரிப்பு மேலாளர்களைத் தேடிப் பிடிப்பதற்கு லிங்க்ட்இன் நன்றாகவே உதவுகிறது. ஆனால், அதன் செய்திப் பெட்டியில் கடைசியாகப் பேசியவர் மேலே வருவார், நாம் பேசாமல் விட்டவர் கீழே போய் மறைந்துவிடுவார். விற்பவனுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான வரிசை. அதற்காக இன்று கூகுள் ஷீட்ஸில் ஒரு தாளைத் தொடங்கினேன். பெயர், நிறுவனம், பதவி, சுயவிவர இணைப்பு, நிலை, கடைசியாகப் பேசிய நாள், அடுத்த வேலை, அடுத்த நாள், குறிப்பு என்று A முதல் I வரை நெடுவரிசைகள். ஓர் ஆளுக்கு ஒரு வரி.

6 ஆகஸ்ட், புதன்

‘நிலை’ என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்பதில் இன்று அலுவலகத்தில் நீண்ட விவாதம். அழைப்பு அனுப்பியது, இணைந்தார், பதில் தந்தார், பேசச் சம்மதித்தார், விலை கேட்டார், முடிந்தது என்று ஆறு நிலைகளோடு நிறுத்திக்கொண்டோம். முதல் நிலையைத் தவிர மற்றவை எல்லாம், எதிரில் இருப்பவர் ஏதாவது செய்தால் மட்டுமே நகரும். நாம் மூன்று செய்திகள் அனுப்பியும் பதில் வராதவர் ‘இணைந்தார்’ என்ற நிலையிலேயே இருப்பார். அப்படி வைக்காவிட்டால், தாள் நமது சுறுசுறுப்பைக் காட்டுமே தவிர அவரது விருப்பத்தைக் காட்டாது.

11 ஆகஸ்ட், திங்கள்

அன்றாடம் முழுத் தாளையும் மேய்வது வீண் வேலை. இரண்டாவது தாள் ஒன்றைத் திறந்து, நாள் வந்துவிட்டவர்கள் மட்டும் தெரியும்படி இந்தச் சூத்திரத்தை இட்டேன்:

```
=SORT(FILTER(Sheet1!A2:I, Sheet1!H2:H<>"", Sheet1!H2:H<=TODAY()), 8, TRUE)
```

அதிக நாள் காத்திருப்பவர் முதலில் வருவார். யாருமே இல்லாத நாளில் #N/A என்று காட்டும். அது பிழையன்று, அன்றைக்கு ஓய்வு என்று பொருள் கொள்ளலாம்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

நேற்றே பேசியிருக்க வேண்டிய ஓர் ஆலை மேலாளரின் வரி, இன்றைய பட்டியலில் வரவில்லை. H கட்டத்தில் 18/08/2025 என்று சரியாகத்தான் இருந்தது. ஆனால் எழுத்து கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டியிருந்தது. தேதியாக ஏற்கப்பட்டிருந்தால் அது வலப்பக்கம் நின்றிருக்கும். தாளின் வட்டார அமைப்பு அமெரிக்காவுக்கு உரியதாக இருந்ததால், பதினெட்டாவது மாதம் என ஒன்று இல்லை என்று அதை வெறும் எழுத்தாகவே வைத்துக்கொண்டது. இதைவிடக் கெட்டது இன்னொன்று: செப்டம்பர் 5 என்று எண்ணி 5/9/2025 என இட்டால், அதை மே 9 என்று எடுத்துக்கொண்டு இன்றே பட்டியலில் தள்ளிவிடும். File மெனுவின் Settings பகுதியில் Locale என்பதை India என்று மாற்றினோம். ஏற்கெனவே இருந்த தேதிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து, தவறானவற்றை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. H நெடுவரிசையில் செல்லுபடியாகும் தேதியைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி Data validation விதியையும் சேர்த்தாயிற்று.

22 ஆகஸ்ட், வெள்ளி

ஏற்கப்படாத அழைப்புகளுக்கும் அடுத்த நாள் தேவை. அழைப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், அதே ஆளுக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப லிங்க்ட்இன் விடாது. ஆகவே திரும்பப் பெறும்போதே H கட்டத்தில் அந்த இடைவெளிக்கு அப்பால் ஒரு நாளைக் குறித்துவிடுகிறேன்.

2 செப்டம்பர், செவ்வாய்

‘பேசச் சம்மதித்தார்’ நிலையில் இருந்த பல்லடம் பக்கத்து ஆலையின் பராமரிப்பு மேலாளர் ஒருவர், திண்டுக்கல்லில் வேறோர் ஆலைக்கு மாறிவிட்டதை அவருடைய சுயவிவரத்தில் கண்டேன். நிறுவனத்தின் பெயரை அழித்துப் புதியதை எழுதுவதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் பல்லடத்து ஆலை தாளிலிருந்தே காணாமல் போய்விடும். எனவே வரியை நகலெடுத்து இரண்டாக்கினேன். பழைய வரியில் பெயருக்குப் பதிலாக ‘புதியவர் யார்?’ என்று இட்டு, நிலையை வெறுமையாக்கி, குறிப்பை மட்டும் அப்படியே விட்டேன். ஞாயிற்றுக்கிழமை இயந்திரங்கள் எல்லாம் நின்ற பிறகும் கம்ப்ரசர் அடிக்கடி லோடு எடுக்கிறது என்று அவர் முன்பு சொன்னது அதில் இருக்கிறது. காற்றை எடுத்துக்கொள்ள எந்த இயந்திரமும் இல்லாதபோது எடுக்கும் லோடு முழுவதும் கசிவுதான் என்பதால், அடுத்து வருபவரிடம் பேச்சைத் தொடங்க அதுவே போதும். புதிய வரியில் அந்தக் குறிப்புக்கு வேலை இல்லை. அது வேறோர் ஆலையின் சங்கதி. அங்கே நிலையை ‘இணைந்தார்’ என்று கீழே இறக்கிவிட்டேன். புதுப் பதவியில் முதல் சில வாரங்கள் ஒருவர் எதையும் வாங்க மாட்டார் என்பதால், வாழ்த்துச் செய்தியில் விற்பனைப் பேச்சு எதுவும் சேர்க்கவில்லை. அவருக்கு அடுத்த நாள் அக்டோபர் 6. பல்லடத்துக்கு நாளை மறுநாள்.