பத்தியம் இருந்தேன், பிலிருபின் ஏறியது

வேலையில் சேரும் முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில், பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியின் மொத்த அளவு 2.1 என்று வந்தது. 1.2க்குள் இருக்க வேண்டுமாம். அம்மா என்னை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து இமையைக் கீழே தள்ளிப் பார்த்தார். "வெள்ளைமுழி மஞ்சளா இருக்குடா. காமாலைதான்."

மறுநாளிலிருந்து வெறும் வயிற்றில் மோரில் அரைத்த கீழாநெல்லி. உப்பு, எண்ணெய் எதுவும் கிடையாது. மூன்று வேளையும் கஞ்சி. பத்து நாளில் இடுப்பில் பேன்ட் நிற்கவில்லை. திரும்பப் பரிசோதித்தால் 2.9! வீட்டில் ஒரே கலவரம்.

டாக்டர் மொத்த எண்ணைப் பார்த்துப் பதறவில்லை. அதற்கு அடுத்த வரியில் விரலை வைத்தார்: டைரக்ட் 0.3. மீதி 2.6 முழுக்க இன்டைரக்ட். கல்லீரல் அடிபட்டால் ஏறும் எஸ்ஜிபிடி 22, எஸ்ஜிஓடி 24, ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் சரி. "முதல் டெஸ்டுக்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டீங்க தம்பி?" என்றார். அன்று சஷ்டி, நான் விரதம். இரண்டாவது தடவைக்கு இந்தப் பத்தியம். கேட்டுச் சிரித்துவிட்டார்.

அவர் விளக்கியது இதுதான். பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் உண்டாகும். அது தண்ணீரில் கரையாது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதைக் கரையும்படி மாற்றினால்தான் பித்தத்தோடு வெளியேறும். அப்படி மாறியது டைரக்ட், மாறாதது இன்டைரக்ட். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதியின் வேலை குறைவு. கில்பர்ட் என்று பெயர். பட்டினி கிடந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, உடம்பு அலுத்துப்போனாலோ அளவு கொஞ்சம் ஏறும், பிறகு தானே இறங்கும். கல்லீரலுக்குச் சேதம் எதுவும் இல்லை. வைரஸ் காமாலையாக இருந்தால் எஸ்ஜிபிடி பல நூறைத் தாண்டியிருக்கும், டைரக்டும் கூடியிருக்கும், சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகும். என் சிறுநீரில் பித்தமே இல்லை.

ஆனாலும் உடனே அந்தப் பெயரை எழுதிவிடவில்லை. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலும் இதே இன்டைரக்ட்தான் ஏறும் என்பதால் ஹீமோகுளோபின், ரெட்டிகுலோசைட், எல்டிஹெச், ரத்த ஸ்மியர் எல்லாம் பார்த்தார். ஹீமோகுளோபின் 14.6, மற்றவையும் சரி. ஜீன் பரிசோதனை வேண்டாம், செலவுதான் மிச்சம் என்றார்.

இரண்டு வாரம் வழக்கம்போலச் சாப்பிடச் சொன்னார். சாம்பார், பொரியல், ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு. அடுத்த ரிப்போர்ட்டில் 1.4. அப்பாவின் பழைய ஃபைலைத் துழாவினால், ஐந்து வருஷத்துக்கு முந்தைய தாளில் அவருக்கும் 1.7, யாரும் கண்டுகொள்ளவே இல்லை.

வேலைக்குத் தகுதிச் சான்று கிடைத்தது. மாத்திரை எதுவும் எழுதவில்லை. எந்த டாக்டரிடம் போனாலும் கில்பர்ட் என்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இரினோடெகான் போன்ற சில புற்றுநோய் மருந்துகளை வெளியேற்றுவதும் அதே நொதிதான். டைரக்ட் ஏறினாலோ, எஸ்ஜிபிடி கூடினாலோ, சிறுநீர் கறுத்தாலோ இதன் மேல் பழிபோட்டுச் சும்மா இருக்காமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார்.