திரும்பி வந்த கண் பரிசோதனைச் சீட்டு

அந்த எட்டு நாட்களை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. குடல் ஓட்டை அறுவைக்குப் பின் ஐசியுவில் இருந்த நோயாளி, 60 கிலோ. கழுத்து சென்ட்ரல் லைன் வழியாக ஊட்டம் போய்க்கொண்டிருந்தது. ரத்தக் கல்ச்சரில் ஈஸ்ட் பூஞ்சை என்று லேப்பிலிருந்து போன் வந்தது. அன்றே பூஞ்சை மருந்தான காஸ்போஃபஞ்சின் தொடங்கினோம்: முதல் டோஸ் 70 மி.கி., பிறகு தினம் 50. லைனையும் எடுத்துவிட்டோம். அப்போது கிரியாட்டினின் 1.9. இன்னொரு பூஞ்சை மருந்தான லிப்போசோமல் ஆம்போடெரிசின் கொடுத்தால் சிறுநீரகம் இன்னும் நொடிக்கும், பொட்டாசியமும் மக்னீசியமும் இறங்கும், இரண்டையும் தினம் பார்த்து ஈடுகட்ட வேண்டும். அதனால் அதைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் கல்ச்சரிலேயே ரத்தம் சுத்தம். பூஞ்சை கேண்டிடா அல்பிகன்ஸ், ஃப்ளூகோனசோல் மருந்துக்குக் கட்டுப்படும் என்று ரிப்போர்ட். எல்லாம் சரி என்று நினைத்தோம்.

கோளாறு கண்ணில் இருந்தது. ரத்தத்தில் வந்த பூஞ்சை கண்ணுக்கும் பரவலாம் என்பதால், முதல் வாரத்துக்குள் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்று கண் பிரிவுக்குச் சீட்டு அனுப்பியிருந்தேன். "நோயாளி மயக்கத்தில் இருக்கிறார், பார்வை சோதிக்க இயலாது" என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். நான் கேட்டது பார்வைச் சோதனையே இல்லை! இரண்டாம் சீட்டும் அப்படியே வந்தது. எட்டாம் நாள் நானே நேரில் போய் நின்ற பிறகுதான் வந்து பார்த்தார்கள். வலது விழித்திரையில் இரண்டு வெள்ளைத் திட்டுகள். நல்லவேளை, கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் கூழ் தெளிவாக இருந்தது. கலங்கியிருந்தால் கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டியிருக்கும்.

காஸ்போஃபஞ்சின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும், ஆனால் கண்ணுக்குள் போதிய அளவு போகாது. ஃப்ளூகோனசோல் நன்றாகப் போகும். கிரியாட்டினினும் அதற்குள் 1.0க்கு இறங்கியிருந்தது. முதல் நாள் 800 மி.கி., பிறகு தினம் 400 என்று மாற்றினோம். பூஞ்சை இதற்கு அடங்காத வகையாக இருந்திருந்தால் வோரிகோனசோல் அல்லது ஆம்போடெரிசின்தான். வோரிகோனசோல் என்றால் ஐந்தாம் நாள்வாக்கில், அடுத்த டோஸுக்குச் சற்று முன் ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும். அந்த ரத்தத்தை மருந்து ஏறும் லைனிலிருந்து எடுத்தால் அளவு பொய்யாகக் கூடிக்காட்டும்.

அடுத்த இரண்டு நாள் அவர் கண்ணே திறக்கவில்லை. பக்கவாதமோ என்று பயந்து தலை ஸ்கேனுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஸ்கேனில் ஒன்றுமில்லை. பட்டியலைப் புரட்டிய மருந்தாளுநர்தான் பிடித்தார்: ஃப்ளூகோனசோல், மயக்கத்துக்குக் கொடுத்துவந்த மிடசோலத்தை உடலில் கரையவிடாமல் தேக்கிவைத்திருக்கிறது. மாற்றிய அன்றே மிடசோலத்தைக் குறைத்திருக்க வேண்டும். நிறுத்திய மறுநாள் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தார். ஃப்ளூகோனசோல் நீட்டக்கூடிய க்யூடி இடைவெளியையும் ஈசிஜியில் அன்றிலிருந்துதான் ஒழுங்காகக் குறித்தோம்.

ரத்தத்தில் மட்டும் இருந்திருந்தால், சுத்தமான முதல் கல்ச்சரிலிருந்து இரண்டு வாரம் போதும். கண்ணில் போனதால் ஆறு வாரம் ஆயிற்று. கடைசிப் பரிசோதனையில் திட்டுகள் தழும்பாகியிருந்தன. இப்போது என் சீட்டில் முதல் வரியே இதுதான்: "மயக்கத்தில் உள்ளார். விழித்திரையை மட்டும் பார்க்கவும்."